விரிதாளில் FIND, MID சார்புகள் தவறும் இடங்கள்: ஒரு பெயர்ப் பட்டியலின் பாடம்

கணினியில் எக்செல் விரிதாளைப் பயன்படுத்திக் கிராமத்து அமைப்புகளின் உறுப்பினர் பட்டியல், சந்தாப் பட்டியல், நிவாரணப் பட்டியல் என்பவற்றைத் தயாரிப்போர் பலர் எம்மிடையே உள்ளனர். ஒரே கலத்தினுள் பெயர், அடையாள அட்டை இலக்கம், வட்டாரம் மூன்றையும் சேர்த்துத் தட்டச்சு செய்து விட்டுப் பின்னர் அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டிய நிலை அவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் வந்தே தீரும். இதற்கெனப் பயன்படுபவை FIND, MID என்னும் இரண்டு சார்புகள். இவை எங்கே சரியாக இயங்கும், எங்கே தவறும், தவறுவதை நாம் எப்படி அறிந்து கொள்ளலாம் என்பதனை எனக்கு நேர்ந்த ஒரு தவறைக் கொண்டே விளக்க முனைகின்றேன்.

2024 ஆம் ஆண்டில் எமது பகுதியில் முதியோருக்கான கண் பரிசோதனை ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. 60 வயது நிரம்பியவர்களின், அதாவது 1964 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ பிறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் தேவைப்பட்டது. சனசமூக நிலையத்தில் சுமார் 200 பேரின் விபரம் ஏற்கனவே கணினியில் இருந்தது. பிறந்த ஆண்டு தனியாக எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டு உண்டு என்பதால், அதனை ஒரு சூத்திரத்தால் எடுத்து விடலாம் என நான் பொறுப்பேற்றேன். அரை மணித்தியாலத்தில் பட்டியல் தயாராகி அச்சிலும் வந்து விட்டது.

பரிசோதனை நாளன்று காலையில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். “தம்பி, நான் பேர் குடுத்தனான். பட்டியலிலை இல்லையெண்டு சொல்லுறாங்கள்” என்றார். “பொறுங்கோ அம்மா, பாக்கிறன்” என்று கூறிப் பட்டியலைப் பார்த்தேன். அவரது பெயர் இல்லை. பட்டியலின் தலைப்பிலே 1920 இல் பிறந்தவர் என ஒருவர் இருந்தார். அவரோ உயர்தரம் படித்து முடித்துச் சில வருடங்களே ஆன இளைஞர்! அன்று பெயர் விடுபட்டவர்களைக் கையால் எழுதிச் சேர்த்தோம். வந்து கேட்டவர்களைத்தான் சேர்க்க முடிந்தது. கேளாமல் வீட்டிலேயே இருந்து விட்டவர்களைச் சேர்க்க முடியவில்லை.

தவறு எங்கே நடந்தது என்பதனை ஏழு பதிவுகளைக் கொண்டு பார்ப்போம். இங்கே தரப்படும் பெயர்களும் இலக்கங்களும் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். ஆகவே 400 என்னும் நாள் எவருக்கும் வராது. கீழுள்ள இலக்கங்கள் யாவற்றிலும் 400 என இட்டிருப்பதால் இவை எவருக்கும் உரியவை அல்ல.

```
A2: கந்தசாமி - 524001234V - கிழக்கு
A3: இராசம்மா - 474005678V - வடக்கு
A4: சிவபாதம்-494002345V-கிழக்கு
A5: நடராசா – 554003456V – வடக்கு
A6: பரமேஸ்வரி 514004567V - தெற்கு
A7: தவரூபன் - 200040001234 - வடக்கு
A8: செல்லம்மா - 534007890V
```

இரு சார்புகளும் செய்யும் வேலை

FIND என்பது ஒரு சொற்றொடரினுள் நாம் கேட்கும் குறி எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்று ஓர் எண்ணைத் தரும். MID என்பது நாம் சொல்லும் இடத்திலிருந்து, நாம் சொல்லும் எண்ணிக்கையான எழுத்துகளை வெட்டித் தரும். எனவே முதலாவது சிறுகோடு எங்கே உள்ளது என FIND மூலம் அறிந்து, அதற்கு அப்பால் உள்ள 10 எழுத்துகளை MID மூலம் எடுத்தால் அடையாள அட்டை இலக்கம் கிடைத்து விடும் என்பதே எனது எண்ணமாக இருந்தது.

```
=MID(A2,FIND(" - ",A2)+3,10)
```

இங்கே பிரிகுறியாகக் கொள்ளப்பட்டது இடைவெளி, சிறுகோடு, இடைவெளி என்னும் மூன்று எழுத்துகள். அவற்றைத் தாண்டுவதற்காகவே 3 கூட்டப்படுகிறது. A2 இல் FIND தரும் விடை 9 ஆகும். “கந்தசாமி” என்பது எமது கண்ணுக்கு ஐந்து எழுத்துகள்தானே, அப்படியாயின் விடை 6 அல்லவா என வாசகர் கேட்கக்கூடும். கணினி தமிழை யுனிகோட் முறையில் சேமிக்கும்போது புள்ளியையும், கால், விசிறி போன்ற உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணுகிறது. க, ந, புள்ளி, த, ச, கால், ம, விசிறி என எட்டு. இதனால் தமிழ்ப் பெயர்களில் விரலால் எண்ணிப் பார்த்து MID இற்கு எண் கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். “மி” இருக்க வேண்டிய இடத்தில் “ம” மட்டும் வந்து நிற்கும். இடத்தை FIND இடமே கேட்டுப் பெறுவதுதான் பாதுகாப்பானது.

A2 இற்குக் கிடைத்த விடை 524001234V. சரியானதே. அதன் முதல் இரண்டு இலக்கங்களின் முன்னே 19 ஐச் சேர்த்தால் 1952. A3 இற்கும் அவ்வாறே 1947 கிடைத்தது. இரண்டு நிரைகள் சரியாக வந்ததும் சூத்திரத்தைக் கீழே இழுத்து விட்டேன். சில நிரைகளில் #VALUE! என்னும் வழுச்செய்தி தோன்றியது. அது அழகாக இல்லையே என நினைத்து, வழு வந்தால் வெற்றிடமாக விடும்படி IFERROR ஐயும் சேர்த்தேன்.

```
=IFERROR(VALUE("19"&LEFT(MID(A2,FIND(" - ",A2)+3,10),2)),"")
```

இந்தச் சூத்திரம் ஏழு நிரைகளுக்கும் தந்த விடைகள் வரிசையாக இவை: 1952, 1947, வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம், 1920, 1953. உண்மையில் ஏழு பேரில் ஆறு பேர் முதியோர். எனது பட்டியலில் வந்தவர்கள் நால்வர். அவர்களுள் ஒருவர் இளைஞர். மூன்று முதியோர் விடுபட்டனர்.

சத்தமிடும் தவறும் சத்தமிடாத தவறும்

ஒவ்வொரு நிரையிலும் தவறு வேறு வேறு காரணத்தால் வந்தது. அவற்றை ஒன்றாகப் பார்த்ததால்தான் நான் ஏமாந்தேன்.

A4 இல் சிறுகோடு உண்டு. ஆனால் அதன் இரு பக்கமும் இடைவெளி இல்லை. FIND மூன்று எழுத்துகளையும் சேர்த்துத் தேடுவதால் அதனைக் காணவில்லை. காணாவிட்டால் FIND பூச்சியம் தருவதில்லை, #VALUE! என்னும் வழுவையே தரும். வழு ஒன்று MID இன் உள்ளே சென்றால் MID உம் வழுவாகிவிடும்.

A5 இல் கோடும் உண்டு, இடைவெளியும் உண்டு. ஆயினும் FIND காணவில்லை. காரணம், அது சிறுகோடே அல்ல. இந்தப் பகுதியைத் தட்டச்சு செய்தவர் முதலில் வேர்ட் ஆவணத்தில் செய்து, பின்னர் எக்செல்லில் ஒட்டியிருந்தார். வேர்ட் மென்பொருள், இடைவெளிகளுக்கு நடுவே இடும் சிறுகோட்டைத் தானாகவே சற்று நீண்ட கோடாக மாற்றிவிடும் இயல்புடையது. கண்ணுக்கு வித்தியாசம் மிகச் சிறிது. கணினிக்கு அது முற்றிலும் வேறொரு எழுத்து. சந்தேகம் வந்தால் அந்த எழுத்தின் குறியீட்டு எண்ணைக் கேட்டு அறியலாம். A2 இல் கோடு 10 ஆம் இடத்திலும் A5 இல் 8 ஆம் இடத்திலும் உள்ளது.

```
=UNICODE(MID(A2,10,1))
=UNICODE(MID(A5,8,1))
```

முதலாவது 45 என்றும் இரண்டாவது 8211 என்றும் விடை தரும். 45 என்பது விசைப்பலகையில் உள்ள சாதாரண சிறுகோடு. 8211 என்பது நீண்ட கோடு.

இந்த இரண்டு நிரைகளிலும் தவறு சத்தமிட்டது. #VALUE! என்பது “இங்கே வந்து பார்” என்று கணினி எம்மை அழைக்கும் குரல். அந்தக் குரலை IFERROR ஆல் அடக்கியது எனது பிழை.

A6, A7 நிரைகள் இன்னும் பொல்லாதவை. A6 இல் பெயருக்கும் இலக்கத்துக்கும் இடையே கோடு விடுபட்டுள்ளது. ஆனால் இலக்கத்துக்கும் வட்டாரத்துக்கும் இடையே கோடு உண்டு. FIND முதலில் காணும் கோட்டின் இடத்தைத் தரும். அது முதலாவது கோடா, இரண்டாவது கோடா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே அதற்கு அப்பால் உள்ள “தெற்கு” என்பதையே MID எடுத்துத் தந்தது. 10 எழுத்துகள் கேட்டோம், 6 தான் இருந்தன. ஆயினும் MID முறைப்பாடு செய்வதில்லை. இருப்பதைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். “19தெ” என்பது எண்ணாக மாறாதபடியால்தான் கடைசியில் வழு வந்தது. அதையும் IFERROR மறைத்து விட்டது. வெளியே நின்று என்னைத் தம்பி என்று அழைத்த அம்மாவின் பதிவு இந்த வகையைச் சேர்ந்தது.

A7 இல் பிரிகுறிகள் யாவும் ஒழுங்காகவே உள்ளன. மாறியது நீளம். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் V அல்லது X என்னும் ஓர் எழுத்தும் கொண்டது, மொத்தம் 10. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் புதிய இலக்கம் எழுத்தின்றி 12 இலக்கங்களைக் கொண்டது. அதில் ஆண்டு நான்கு இலக்கங்களில் முழுமையாக உள்ளது. நான் 10 என்று நிலையாகக் கொடுத்ததால் MID 2000400012 என வெட்டித் தந்தது. அதன் முதலிரு இலக்கம் 20. அதன் முன்னே 19 ஐச் சேர்த்ததும் 1920 ஆயிற்று. 2000 இல் பிறந்தவரும் 2004 இல் பிறந்தவரும் இச்சூத்திரத்தில் 1920 இல் பிறந்தவர்களே. புதிய இலக்கமுடைய 1999 ஆம் ஆண்டுப் பிள்ளை 1919 இல் பிறந்தவராகி விடுவார். ஒரு பட்டியலில் 1919 உம் 1920 உம் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுதான் என உடனே ஊகிக்கலாம். இங்கே எந்த வழுவும் தோன்றாது. விடை எண்ணாக உள்ளது, ஆண்டு போலவும் தெரிகின்றது, ஆனால் பொய்.

திருத்திய முறை

எல்லாவற்றையும் ஒரே நீண்ட சூத்திரத்தில் செய்யாமல், ஒவ்வொரு படிக்கும் ஒரு நிரல் ஒதுக்குவது நல்லது. எந்தப் படியில் தவறியது என்பதை அப்போது கண்ணால் காணலாம். வேலை முடிந்ததும் அந்த நிரல்களை மறைத்து விடலாம்.

முதற்படி, கோடுகளை ஒரே வகையாக்குதல். B நிரலில் நீண்ட கோட்டைச் சிறுகோடாக மாற்றுகிறோம். TRIM தேவையற்ற இடைவெளிகளை நீக்கும். A நிரலை மாற்றாமல் அப்படியே விட வேண்டும். பின்னர் சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்க்க அதுவே உதவும்.

```
B2: =TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(8211),"-"))
```

இரண்டாம் படி, கோடுகளை எண்ணுதல். கோடுகளை நீக்கினால் நீளம் எவ்வளவு குறைகிறதோ அத்தனை கோடுகள் இருந்தன என்பது பொருள்.

```
C2: =LEN(B2)-LEN(SUBSTITUTE(B2,"-",""))
```

மூன்று பகுதிகள் இருக்க வேண்டுமாயின் கோடுகள் இரண்டு இருக்க வேண்டும். எமது உதாரணத்தில் A6 இற்கும் A8 இற்கும் 1 என வரும், ஏனையவற்றுக்கு 2. வேறொரு பட்டியலில் 3 என வந்தால், எவரோ பெயரிலோ வட்டாரத்திலோ ஒரு கோடு இட்டிருக்கிறார் என்று பொருள். 2 அல்லாத நிரைகள் அனைத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் இந்த எண்ணிக்கை, ஏதோ குறைகிறது என்று மட்டுமே கூறும். எது குறைகிறது என்று கூறாது. A6 இல் முன்கோடு இல்லை, A8 இல் பின்கோடு இல்லை. இரண்டுக்கும் விடை 1 தான். அதனால் எண்ணிக்கை மட்டும் போதாது.

மூன்றாம் படி, இரண்டு கோடுகளின் இடத்தையும் அறிதல்.

```
D2: =FIND("-",B2)
E2: =FIND("-",B2&"-",D2+1)
```

இம்முறை இடைவெளி இல்லாமல் சிறுகோட்டை மட்டும் தேடுகிறோம். அதனால் A4 போன்றவையும் அகப்படும். இரண்டாவது சூத்திரத்தில் B2 இன் இறுதியில் நாமாகவே ஒரு கோட்டை ஒட்டியிருப்பதைக் கவனிக்க. A8 இல் இரண்டாவது கோடு இல்லை. ஒட்டாவிட்டால் FIND வழுவாகும். ஒட்டியபடியால், இலக்கம் முடியும் இடமே இரண்டாவது கோட்டின் இடமாகக் கொள்ளப்படும். D நிரலில் மட்டும் இவ்வாறு ஒட்டவில்லை. ஒரு கோடுகூட இல்லாத பதிவில் வழு தோன்றட்டும். அது தோன்றுவதே நல்லது.

நான்காம் படி, இரு கோடுகளுக்கும் நடுவே உள்ளதை எடுத்தல்.

```
F2: =TRIM(MID(B2,D2+1,E2-D2-1))
```

இங்கே 10 என்றோ 12 என்றோ நாம் சொல்லவில்லை. எத்தனை எழுத்துகள் என்பதை இரு கோடுகளின் இடைத்தூரமே தீர்மானிக்கிறது. A2 இல் கோடுகள் 10 ஆம், 23 ஆம் இடங்களில் உள்ளன. 23 இலிருந்து 10 ஐயும் 1 ஐயும் கழிக்க 12. அந்தப் பன்னிரண்டில் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை TRIM நீக்க, 10 எழுத்துக்கொண்ட இலக்கம் மீதியாகும். A7 இல் கோடுகள் 9 ஆம், 24 ஆம் இடங்களில், இடையில் 14, இடைவெளிகள் நீங்க 12. இரண்டு நீளங்களுக்கும் ஒரே சூத்திரம் பொருந்துகிறது.

ஆயினும் A6 இல் F நிரல் இன்னமும் “தெற்கு” என்றே காட்டும். வெட்டும் முறையை எவ்வளவு திருத்தினாலும், இல்லாத கோட்டை அது உண்டாக்க மாட்டாது. எனவே வெட்டி எடுத்த துண்டு உண்மையில் அடையாள அட்டை இலக்கத்தின் வடிவில் உள்ளதா என்று சோதிப்பதே ஐந்தாம் படி. எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுவே.

```
G2: =IF(AND(LEN(F2)=10,ISNUMBER(VALUE(LEFT(F2,9))),
 OR(RIGHT(F2)="V",RIGHT(F2)="X")),
 1900+VALUE(LEFT(F2,2)),
 IF(AND(LEN(F2)=12,ISNUMBER(VALUE(F2))),
 VALUE(LEFT(F2,4)),"பார்க்க"))
```

நீளமாகத் தெரிந்தாலும் இது சொல்வது எளிது. துண்டு 10 எழுத்துடையதாய், முதல் ஒன்பதும் இலக்கங்களாய், இறுதி எழுத்து V அல்லது X ஆய் இருந்தால் அது பழைய இலக்கம். முதலிரண்டுடன் 1900 ஐக் கூட்டு. 12 எழுத்துடையதாய் முழுவதும் இலக்கங்களாய் இருந்தால் அது புதிய இலக்கம். முதல் நான்கையும் எடு. இரண்டும் இல்லையெனில் “பார்க்க” என்று எழுது. சிறிய v என்று தட்டச்சு செய்திருந்தாலும் இந்த ஒப்பீடு ஏற்றுக்கொள்ளும்.

இப்போது ஏழு நிரைகளின் விடைகள்: 1952, 1947, 1949, 1955, பார்க்க, 2000, 1953. வெற்றிடமும் இல்லை, 1920 உம் இல்லை. விளங்காத ஒன்றே ஒன்றைக் கணினி எம்மிடம் ஒப்படைத்துள்ளது. A6 இல் பெயருக்குப் பின்னே ஒரு கோட்டைக் கையால் இட்டவுடன் அதுவும் 1951 ஆகிவிடும்.

வட்டாரத்தை எடுக்க H நிரலில் பின்வருமாறு எழுதலாம்.

```
H2: =TRIM(MID(B2,E2+1,50))
```

50 என்பது தேவைக்கு அதிகமான எண். MID இருப்பதை மட்டும் தந்து நிறுத்தும் என்பது இங்கே எமக்கு அனுகூலமாகிறது. A8 இல் தொடங்கும் இடமே சொற்றொடரைத் தாண்டிவிட்டது. அப்போது MID வழுத் தராது. வெற்றுச் சொல்லையே தரும். செல்லம்மாவின் ஆண்டு சரியாக வந்தாலும் வட்டாரம் வெற்றாகவே இருக்கும். C நிரலில் உள்ள 1 தான் அதனை எமக்கு நினைவூட்டும்.

அச்சிடுவதற்கு முன் ஒரு கணக்கு

G நிரலில் VALUE இட்டு எண்ணாக மாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. LEFT, MID தருவன யாவும் எழுத்துகளே. 1952 என்று தோன்றினாலும் அது எண் அல்ல. எக்செல்லில் எழுத்தை எண்ணுடன் ஒப்பிட்டால் எழுத்தே எப்போதும் பெரியது. ஆகையால் எழுத்து வடிவிலுள்ள 1952 ஐ 1964 உடன் ஒப்பிட்டால் அது பெரியது என்றே விடை வரும்; முதியவர் ஒருவரும் அகப்பட மாட்டார். “பார்க்க” என்பதும் எழுத்தே. ஆகவே 1964 வரை எனத் தெரிவு செய்யும்போது “பார்க்க” நிரைகள் சத்தமின்றி வெளியே போய்விடும். முன்னர் வெற்றிடம் செய்த அதே வேலையை இப்போது “பார்க்க” செய்துவிடாமல் இருக்க, இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிட வேண்டும்.

```
=COUNTA(A2:A8)
=COUNT(G2:G8)
```

முதலாவது, எத்தனை பேர் பதிவில் உள்ளனர் என்பதைக் கூறும்: 7. இரண்டாவது, எண்களை மட்டுமே எண்ணும். எழுத்தையும் வழுவையும் எண்ணாது. ஆகவே A6 ஐத் திருத்துவதற்கு முன் 6 என்றும், திருத்திய பின் 7 என்றும் வரும். இரண்டும் சமமாகும் வரையில் பட்டியலை அச்சிடக் கூடாது. வித்தியாசம் எவ்வளவோ அத்தனை பேர் இன்னும் வெளியே நிற்கின்றனர். அன்று நான் இந்த இரண்டு வரிகளை எழுதிப் பார்த்திருந்தால், அந்த அம்மா வாசலில் வந்து கேட்க வேண்டியிருந்திராது.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். இது வடிவத்தை மட்டுமே சோதிக்கும், உண்மையை அல்ல. 52 என்பதை 25 என மாற்றித் தட்டச்சு செய்திருந்தால், 1925 என்ற விடை சோதனையில் தேறிவிடும். G நிரலை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே வரும் மிக முதியவர்கள் சிலரையும், 1964 ஐச் சூழ வருபவர்களையும் ஊரறிந்த ஒருவருடன் இருந்து வாசித்துப் பார்ப்பது நல்லது. பட்டியலின் தலையில் அந்த இளைஞரைக் கண்டதும் எவரும் சிரித்திருப்பார்கள். அச்சிடும் முன்னரே தவறு வெளிப்பட்டிருக்கும்.

எக்செல் 2024 பதிப்பிலும் மைக்ரோசொப்ட் 365 இலும் TEXTBEFORE, TEXTAFTER என்னும் சார்புகள் உள்ளன. இடத்தை எண்ணாமலே கோட்டுக்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் அவை தரும். கோடு இல்லையெனில் #N/A என்னும் வழு வரும். எழுதுவது எளிது, ஆனால் A6 போன்ற பதிவில் TEXTAFTER உம் “தெற்கு” என்பதையே தரும். பதிவில் இல்லாததை எந்தச் சார்பும் அறியாது. எனவே புதிய பதிப்பு வைத்திருப்போரும் ஐந்தாம் படியையும் இறுதிக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது.

எமது சனசமூக நிலையத்தின் விரிதாளில் இன்று பெயருக்கு ஒரு நிரல், அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரு நிரல், வட்டாரத்துக்கு ஒரு நிரல் என மூன்றும் வெவ்வேறாக உள்ளன. புதிதாகச் சேருபவர்களை அவ்வாறே பதிகின்றோம். பிரித்தெடுக்கும் தேவையே எழுவதில்லை. பழைய பட்டியலைப் பிரித்த அன்று “பார்க்க” என்று வந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று. அடுத்த முகாமின்போது இரண்டு எண்ணிக்கைகளும் சமமாக நின்றன. பெயர் இல்லையென்று எவரும் வாசலில் வந்து கேட்கவில்லை.